வட்டியைச் சேர விடுவதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதா? ஓய்வூதியரின் எஃப்.டி. கணக்கு

பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் வங்கிக் கவுண்டரில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், வட்டி மாசாமாசம் வேணுமா, மூணு மாசத்துக்கு ஒருக்கவா, இல்ல கடைசியில மொத்தமாவா?" பெரும்பாலோர் கடைசியையே சொல்கிறார்கள். முதிர்வுத் தொகை பெரிதாகத் தெரியும். நான் சாய்வது காலாண்டு வட்டியின் பக்கம். பாதுகாப்பும் வட்டி விகிதமும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அவற்றை விட்டுவிடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2025-26இல் 8.2 சதவீதம் தந்தது. அது தனிக் கணக்கு, இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

தக்கலைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 62. ஓய்வூதியம் மாதம் 40,000. 30 லட்சத்தை 7 சதவீதத்தில் ஐந்து ஆண்டுக்குப் போடுகிறார். கணக்கு எளிதாக வர, நிதியாண்டின் தொடக்கத்திலேயே போட்டதாகக் கொள்வோம். (ஏப்ரல் 1 அன்று வங்கிக்குப் போனால் கணக்கு முடிப்பு என்று கதவடைத்திருப்பார்கள், அது வேறு.)

நம் வங்கிகள் கூட்டுவட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்க்கின்றன. 7 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 1.75. முதல் காலாண்டில் 52,500 ரூபாய் அசலோடு சேரும், அடுத்த 1.75 சதவீதம் 30,52,500க்குக் கணக்காகும். இப்படி இருபது முறை சேர்ந்தால் முதிர்வில் 42,44,335 வரும். அதில் வட்டி 12,44,335. காலாண்டு வட்டியாக வாங்கினால் இருபது முறை 52,500, ஆக 10,50,000. வித்தியாசம் 1,94,000 சொச்சம்.

இந்த வித்தியாசத்தை வங்கி தரும் கூடுதல் சலுகை என்று நினைப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கையில் வாங்காமல் விட்ட வட்டிக்குக் கிடைத்த வட்டி அது, வேறொன்றுமில்லை. மாத வட்டியாகக் கேட்டால் 17,500 வராது, ஏறத்தாழ 17,399தான் வரும். முன்கூட்டியே தருவதால் அந்த நூறு ரூபாயைக் கழித்துக்கொள்கிறார்கள். இந்த 17,399ஐ அதே விகிதத்தில் ஓர் ஐந்தாண்டு ஆர்.டி.க்குத் திருப்பிவிட்டால் கிட்டத்தட்ட அதே 12.44 லட்சம் சேர்ந்துவிடும். காலாண்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாதந்தோறும் ஆர்.டி.யில் போட்டாலும் கதை அதுதான். சேமிப்புக் கணக்கிலேயே கிடக்க விட்டால்தான் நட்டம்.

ஆகவே முடிவைத் தீர்மானிப்பது கூட்டுவட்டி இல்லை. எந்த ஆண்டின் வருமானமாக அந்த வட்டி கணக்கில் ஏறுகிறது என்பதுதான்.

சேர விடும் எஃப்.டி.யில் பணம் கைக்கு வராது. ஆனாலும் அந்தந்த ஆண்டு சேர்ந்த வட்டியை வங்கி வருமானவரித் துறைக்குத் தெரிவித்துவிடும். நம் ஆசிரியருக்கு முதல் ஆண்டு 2,15,577. இரண்டாம் ஆண்டு 2,31,068. பிறகு 2,47,673, 2,65,470, ஐந்தாம் ஆண்டு 2,84,547. இவற்றை ஆண்டுதோறும் ரிட்டர்னில் காட்டினால் என்ன ஆகிறது? ஓய்வூதியம் 4,80,000. புதிய வரிமுறையின் நிலையான கழிவு 75,000 போக 4,05,000. அதிகம் வரும் ஐந்தாம் ஆண்டு வட்டியைக் கூட்டினாலும் 6,89,547தான். 2025-26 விதிப்படி 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம்.

இனி, "கைக்கு வராத பணத்துக்கு என்ன கணக்கு" என்று விட்டுவிட்டு முதிர்வு ஆண்டில் மொத்தமாகக் காட்டினால்? 4,05,000 உடன் 12,44,335. மொத்தம் 16,49,335. தள்ளுபடி போயிற்று. 16 லட்சம் வரை அடுக்கு அடுக்காக 1,20,000 வரி. மிச்சம் 49,335க்கு 20 சதவீதம். மேலே 4 சதவீதம் செஸ். ஏறத்தாழ 1,35,000 ரூபாய். ஓய்வூதியமும் வரி அடுக்குகளும் மாறாமல் இருந்தால் வரும் கணக்கு இது. கூட்டுவட்டியால் கிடைத்த 1,94,000இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படியே போய்விடுகிறது. கைக்கு வரும்போது காட்டுவதும் சட்டம் ஏற்கும் முறைதான். ஆனால் ஒரு முறையைப் பிடித்தால் அதையே தொடர வேண்டும். இரண்டு ஆண்டு காட்டிவிட்டு மூன்றாம் ஆண்டு விட்டுவிட முடியாது. நம் வருமான விவரங்களைத் துறை தொகுத்துக் காட்டும் ஏ.ஐ.எஸ். பக்கத்தில் ஒரு தொகையும் ரிட்டர்னில் வேறொன்றும் இருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரவும் இடமுண்டு.

காலாண்டு வட்டியில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஆண்டுக்கு 2,10,000 பாஸ்புக்கில் வரவாகியிருக்கும். அதைத்தான் ரிட்டர்னில் எழுத வேண்டும். ஆர்.டி.யில் சேரும் வட்டியையும் ஆண்டுதோறும் சேர்த்துக் காட்ட வேண்டும், அது முதலில் சிறு தொகை, போகப்போகக் கூடும்.

அடுத்தது டி.டி.எஸ்., அதாவது வட்டி தரும்போதே வங்கி பிடிக்கும் வரி. 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு வட்டிக்கும். பான் எண் இல்லையென்றால் 20 சதவீதம். நாகர்கோவில் கிளையில் பாதி, குளச்சல் கிளையில் பாதி என்று பிரித்துப் போட்டும் பயனில்லை, ஒரே வங்கியென்றால் எல்லாக் கிளைகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்த வரி பூஜ்யமாக வருகிறவர் 2025-26 விதிப்படி 15எச் படிவம் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். தள்ளுபடியால் பூஜ்யமானாலும் செல்லும். அதை ஒவ்வொரு நிதியாண்டும், முதல் வட்டி ஏறுவதற்கு முன், வங்கிக்கு வங்கி தனியாகக் கொடுக்க வேண்டும். பிடித்தபின் கொடுத்தால் பிடித்ததை வங்கி திருப்பித் தராது.

15எச் கொடுக்க மறந்தால் இரு வகைக்கும் பிடிப்பு ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. காலாண்டு வட்டியில் 52,500க்குப் பதில் 47,250 வரும். அந்த வாரமே பாஸ்புக்கில் தெரிந்துவிடும். ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். சேர விடும் வகையில் பல வங்கிகள் அந்த வரியை எஃப்.டி.யிலிருந்தே எடுக்கின்றன. ஐந்து ஆண்டும் கவனிக்காமல் விட்டால் முதிர்வில் 42,44,335 இராது, ஏறத்தாழ 41,04,000தான் இருக்கும். குறைந்ததில் 1,22,700 வரை வரிப்பிடிப்பு. ஆண்டுதோறும் ரிட்டர்ன் போட்டிருந்தால் சேமிப்புக் கணக்குக்குத் திரும்பியிருக்கும். மீதி 17,700 ரூபாய், பிடிபட்ட பணம் ஈட்டியிருக்க வேண்டிய வட்டி. எந்த ரிட்டர்ன் போட்டாலும் அது திரும்பாது.

பழைய வரிமுறையில் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு வட்டி வருமானத்தில் 80டிடிபி என்று 50,000 கழிவு உண்டு. இந்த ஆசிரியருக்கு அது போதாது: முதல் ஆண்டே 5,95,577 வரிக்குரிய வருமானமாகி 30,000 ரூபாய்க்கு மேல் வரி வரும், 15எச் கொடுக்கவும் வழியில்லை.

காலாண்டு வட்டியிலும் ஒரு குத்தல் இருக்கிறது. இடையில் முறித்தால் அதுவரை ஓடிய காலத்துக்கான விகிதத்தில் அபராதமும் கழித்துத்தான் வட்டி. ஏற்கனவே கூடுதலாக வாங்கியதை அசலிலிருந்து எடுப்பார்கள். 30 லட்சம் போட்டவர் கைக்கு 29 லட்சத்துச் சொச்சம் வந்து திகைப்பது இதனால்தான். முப்பதையும் ஒரே ரசீதாகப் போடாமல் ஐந்தைந்து லட்சமாக ஆறு ரசீது போட்டால் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறிக்கலாம்.

ஓய்வூதியமே செலவுக்குப் போதும், ஆண்டுதோறும் ரிட்டர்ன் போட வீட்டில் ஆள் உண்டு என்றால் சேர விடும் வகையைக் குறை சொல்ல முடியாது. ஆர்.டி. தொல்லை மிச்சம். அவர் ஏப்ரலில் வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி, அதிலுள்ள தொகையை ஏ.ஐ.எஸ். பக்கத்தோடு ஒப்பிட்டு, அன்றே புதிய நிதியாண்டுக்கு வரிப்பிடிப்பைத் தவிர்க்கும் படிவத்தையும் கொடுத்துவிட்டு வரலாம்.