டேப்லெட் பட்டன்கள்: டிரைவரில் பிரிப்பதா, மென்பொருளில் பொருத்துவதா?

கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ, போட்டோஷாப் மூன்றிலும் வரைபவருக்கு டேப்லெட் பட்டன்களை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு மென்பொருளுக்கும் டேப்லெட் டிரைவரில் தனித்தனி அமைப்பு வைக்கலாம். இல்லையென்றால், டேப்லெட் எப்போதும் ஒரே கீகளை அனுப்பும்படி விட்டுவிட்டு, மென்பொருளின் ஷார்ட்கட்டை அதற்கேற்ப மாற்றலாம். நான் இரண்டாவது பக்கம்.

அன்டூ, பிரஷ் அளவு பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. Ctrl+Z, [, ] மூன்றிலும் ஒன்றுதான். CC 2019-க்கு முந்தைய போட்டோஷாப் மட்டும் விதிவிலக்கு: அதில் Ctrl+Z ஒரே ஒரு படி பின்னால் போய், மறுபடி அழுத்தினால் திரும்பி வந்துவிடும், Ctrl+Alt+Z வேண்டும். அப்புறம், அன்டூவைப் பேனாவில் வைக்காதீர்கள். கோடு இழுக்கும்போது கட்டைவிரல் பட்டு, போட்ட கோடு போய்விடும்.

சிக்கல் அழிப்பானில்தான். கிரிட்டாவில் E அழுத்தினால் கையிலிருக்கும் பிரஷே அழிக்கும், மறுபடி அழுத்தினால் வரையும். மற்ற இரண்டிலும் E தனி அழிப்பான் கருவிக்குப் போகும். இன்னொரு முறை அழுத்தினாலும் பிரஷ் திரும்பி வராது. கிளிப் ஸ்டுடியோவில் இதற்கு வழி இருக்கிறது. C கீ நிறத்தையும் ஒளிபுகும் நிறத்தையும் மாற்றிக் கொடுக்கும். ஒளிபுகும் நிறத்தில் வரைந்தால் அதே பிரஷ் அழிக்கும். ஷார்ட்கட் அமைப்பில் இந்த வேலையை E-க்கு மாற்றிவிட்டால் கிரிட்டாவும் இதுவும் ஒரே கைப்பழக்கம்.

போட்டோஷாப்பில் அப்படி எளிதாக முடியாது. அங்கே கீயைத் தட்டி மாற்றுவதானால் அழிக்க E, திரும்ப B என இரண்டு பட்டன் வேண்டும். இந்த ஓர் இடத்தில் டிரைவரின் தனி அமைப்பு உண்மையிலேயே உதவும். போட்டோஷாப்புக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

மற்றபடி முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. நான்கு பட்டன், மூன்று மென்பொருள் என்றால் டிரைவரில் பன்னிரண்டு பதிவுகள். அவை அந்த நிறுவனத்தின் டிரைவருக்கு மட்டுமே புரியும். டிரைவரை அழித்து மறுபடி நிறுவும்போது பிரதி எடுத்து வைத்திருக்காவிட்டால் அவை போய்விடலாம். வேறு நிறுவன டேப்லெட் வாங்கினால் எல்லாம் முதலிலிருந்து. போய்விட்டதைக் கண்டுபிடிப்பது எளிது: எந்த மென்பொருளுக்குப் போனாலும் பட்டன்கள் ஒரே மாதிரி நடக்கும், பேனா பட்டன் வலது கிளிக் மெனுவைத் திறக்கும். ஷார்ட்கட்டை மென்பொருளில் வைத்தவருக்கு அந்த நிலையிலும் டிரைவரில் நான்கு பட்டன்களுக்கும் கீகளை மறுபடி பதிந்தால் வேலை முடிந்தது. கிரிட்டாவின் ஷார்ட்கட்டுகளைக் கோப்பாகச் சேமித்து வேறு கணினிக்கும் கொண்டுபோகலாம்.

பேனாவின் பின்முனை அழிப்பானை நம்புகிறவர்கள் கிரிட்டாவில் அந்த முனையைக் கேன்வாஸில் ஒருமுறை வைத்து, அழிக்கும் பிரஷைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் அது நினைவில் வைத்துக்கொள்ளும். நான் விண்டோஸில்தான் வரைகிறேன். மேக்கில் Ctrl-க்குப் பதில் Cmd என்பதைத் தவிர மற்றதைச் சோதித்துப் பார்த்ததில்லை.