மூன்று தடவை அலைந்து வாங்கிய விழித்திரைப் படம்

அழகர் மலை திரும்பிய மறுவாரம் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றலாம் என்று திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு அழைத்துப் போனேன். இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து வந்து மூன்று வாரம் ஊரில் இருந்தேன். அதில் கோயில், விருந்து, பத்திரப் பதிவு எல்லாம் நன்றாகவே நடந்தன. எழுத வேண்டியது இந்தக் கண் படத்தின் கதை.

போனது ஒரு தனியார் கண் மருத்துவமனை. டோக்கன், எழுத்துப் பலகை, கண்ணைப் பெரிசாக்கும் சொட்டு, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் அரை மணி நேரம், எல்லாம் நமக்குப் பழகியதுதான். புதிதாக ஒரு கேமரா வந்திருந்தது. மோவாயை வைத்தால் ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடிக்கிறது, விழித்திரை முழு வண்ணத்தில் திரையில் வந்துவிடுகிறது. படம் பார்த்த டாக்டரம்மா கண்ணாடிப் பேச்சையே விட்டுவிட்டு, "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தலை சுத்துனா ஒண்ணு போட்டுக்குவேன் டாக்டர்" என்றார் அம்மா.

அங்கேயே அளந்தார்கள், 196/112. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்தபோது 190/108. அம்மாவுக்கு வயது 66. பார்வை மங்கலில்லை, வலியில்லை. படம் எடுக்காமல் இருந்திருந்தால் புதுக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்திருப்போம்.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டிய பத்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். உடம்பில் அறுக்காமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண்தான் என்றார். தமனிகள் ஒல்லியாகியிருந்தன. அவை சிரையைத் தாண்டும் இடங்களில் சிரை இரு பக்கமும் கிள்ளி வைத்தது போலிருந்தது. அந்த இடத்தில் தமனிக்கும் சிரைக்கும் உறை ஒன்றுதான். பல வருட அழுத்தத்தில் தமனியின் சுவர் தடித்துவிட்டால், பக்கத்தில் கிடக்கும் மெல்லிய சிரையை நசுக்கும். இது பழைய காயம்.

புதிய காயம் வேறு. பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்துக்கு அருகே தீச்சுடர் மாதிரி நான்கு சிவப்புக் கீற்றுகள். கசிந்த ரத்தம் நரம்பிழைகளின் வரிசையோடு பரவுவதால் வரும் வடிவம் அது. பஞ்சைப் பிய்த்து வைத்தது போல இரண்டு வெள்ளைத் திட்டுகளும் இருந்தன. ஒரு சின்னத் தமனி அடைத்து, ரத்தம் கிடைக்காத நரம்பிழைகள் வீங்கினால் இப்படித் தெரியுமாம். சர்க்கரையாலும் இதே திட்டு வரும் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. நரம்பு வட்டத்தின் விளிம்பு தெளிவாக இருந்தது. "இது வீங்கியிருந்தா இன்னைக்கே அட்மிஷன்தான். இல்ல, அதனால இன்னைக்கே பொது மருத்துவரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

இவ்வளவு அருமையாக விளக்கியவர் இருக்கும் இடத்தில்தான் அடுத்த கூத்தும். கையில் கொடுத்த தாளில் ஒரே வரி: ஹைப்பர்டென்சிவ் ரெட்டினோபதி, கிரேடு 3, இரு கண். ரத்த அழுத்தத்தால் விழித்திரைக்கு வந்த பாதிப்பு என்று அர்த்தம். கீழே படம், கறுப்பு வெள்ளையில். சாதாரணத் தாளில் ரத்தக் கசிவு எது, குழாய் எது என்று யாராலும் சொல்ல முடியாது. வண்ணப் படத்தின் கோப்பு வேண்டும் என்றேன். "சிஸ்டம்ல இருக்கு சார், எப்ப வந்தாலும் பாத்துக்கலாம்" என்றார்கள். மறுநாள் போனேன், படம் எடுக்கும் பெண் லீவு. கைப்பேசியில் திரையைப் படம் பிடிக்க விட்டார்கள், மின்விளக்கின் பளபளப்பு நேராகக் கசிவின் மேல் விழுந்தது. மூன்றாவது தடவை அந்தப் பெண் பென் டிரைவை வாங்கி இரண்டே நிமிடத்தில் ஏற்றிக் கொடுத்தார். "யாரும் கேக்க மாட்டாங்கண்ணே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் இரண்டு நிமிட வேலைக்கு மூன்று நாள் பஸ் ஏறினேன்.

லெஸ்டரில் நான் போகும் கண்ணாடிக் கடையில் போன தடவை எடுத்த படத்தையும் இன்று எடுத்ததையும் அருகருகே வைத்துக் காட்டுவார்கள். அங்கே அம்மாவின் மாத்திரைக்கு ஆள் வீடு தேடி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் இப்போது அம்மா பெயர் ஏறிவிட்டது. இரண்டு ஊரையும் ஒன்றாகப் பிசைய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

படத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டியதற்குக் காரணம் உண்டு. "கிரேடு 3" என்ற சொல் எத்தனை கீற்று, எந்த இடம், எது பழசு, எது புதுசு என்று சொல்லாது. அடுத்த டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பொது மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதினார், அம்லோடிபின், டெல்மிசார்டன். சிறுநீரகத்துக்கும் சோதனை எழுதினார். நான் அவசரப்பட்டு, "நாளைக்கே நார்மலுக்கு வருமா?" என்று கேட்டேன். வரக்கூடாது என்றார். மூளையும் பார்வை நரம்பும் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கின்றன. ஒரே நாளில் தடாலென்று இறக்கினால் அவற்றுக்குப் போகும் ரத்தமே குறைந்து, பார்வை போகவும் கூடும். வாரக்கணக்கில், படிப்படியாக. என் அக்கா தினமும் காலையில் மாத்திரைக்கு முன்பு அளந்து காலண்டரில் எழுதினார். நான் விமானம் ஏறும்போது மேல் எண் 152. ஏழாவது வாரம் 134/82.

ஜூலையில், பத்தாவது வாரம், அக்கா அம்மாவைக் கூட்டிப்போய் மறுபடி படம் எடுத்தார். முதலில் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியது மங்கலாக வந்தது. டாக்குமென்டாக அனுப்பச் சொன்னதும் தெளிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு கீற்றும் இல்லை. பஞ்சுத் திட்டும் இல்லை. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

அவர் என் சந்தோஷத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தினார். பஞ்சுத் திட்டு எப்படியும் சில வாரங்களில் தானாக மறைந்துவிடும், அது மறைந்ததை மட்டும் வைத்துக் குணம் என்று சொல்ல முடியாது. புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை, காலண்டரிலும் எண் இறங்கியே நிற்கிறது, இரண்டும் சேர்ந்ததுதான் நல்ல சேதி என்றார். அப்புறம் வலக்கண்ணில் மேல்பக்கம் ஒரு சந்திப்பைப் பார்க்கச் சொன்னார். மே மாதத்தில் சிரை கிள்ளியிருந்த அதே இடம் ஜூலையிலும் அப்படியே. அது திரும்பாது. சிரை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்திப்பில்தான், அடைத்தால் அந்தப் பகுதி முழுக்க ரத்தம் கசியும். மாத்திரையை நிறுத்தினால் முதலில் ஆபத்து அங்கேதான் என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "தலை சுத்தலையே ராசா, இன்னும் போடணுமா?" என்றார். அக்கா மாத்திரை அட்டையைக் காபித் தூள் டப்பாவோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். அடுத்த படம் ஜனவரியில். பென் டிரைவ் அவர் பையிலேயே இருக்கிறது.