டைட்டிலுக்கு முன் எதைச் சொல்வது? இரணைமடுத் தொடருக்கு மூன்று தொடக்கங்கள்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பற்றிய நான்கு பகுதித் தொடர் ஒன்று இப்போது எங்கள் தொகுப்பு மேசையில் இருக்கிறது. முதற்பகுதி குளம் கட்டிய கதையும், மழையில்லாத காலத்து நெற்செய்கையான சிறுபோகத்தின் தண்ணீர்ப் பங்கீடும். இரண்டாவது போர்க்காலம். மூன்றாவது 2018 டிசம்பர் வெள்ளம். நான்காவது யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தைச் சுற்றி நடந்த இழுபறி. எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது இவற்றில் எதைப் பற்றியும் இல்லை. முதற்பகுதியில் டைட்டில் விழுவதற்கு முன் வருகிற இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான்.

வன்னியில் படம் எடுப்பவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேறிடத்துத் தொடர் என்றால் முடிவை மறைத்து வைத்தே ஆளை உட்கார வைக்கலாம். இங்கே 2009இல் என்ன நடந்தது என்பது பார்க்க வருகிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் வந்ததும் தெரியும். தெரிந்ததை ஒளித்து வைத்தால் பார்ப்பவர் சலிப்படைவார், சில வேளை கோபப்படவும் செய்வார். ஆகவே எங்கள் அளவுகோல் இதுதான்: ஊருக்குத் தெரிந்ததை டைட்டிலுக்கு முன்பே தயங்காமல் கொடுத்துவிட வேண்டும், அந்தப் பகுதி மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியில் வெட்ட வேண்டும். மூன்று தொடக்கங்களையும் இதை வைத்தே பார்த்தோம். (ட்ரோனில் குளத்தின் மேல் பறந்து, கனத்த குரலில் வரலாறு சொல்லும் நான்காவது ஒன்றும் இருந்தது. அது எந்தக் குளத்துக்கும் பொருந்தும் என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

முதலாவது, கிளிநொச்சியில் போரில் சரிந்து பல ஆண்டுகள் தெருவோரம் காட்சிப்பொருளாகக் கிடந்த தண்ணீர்த் தாங்கி. பழைய படங்கள், மேலே ஒரு வயோதிபரின் குரல், அப்படியே டைட்டில். தண்ணீரைப் பற்றிய தொடருக்குத் தண்ணீர்த் தாங்கியே கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வெட்டிப் பார்த்ததும் கோளாறு தெரிந்தது. தாங்கியைப் பார்த்த கணமே இது போர்ப் படம் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். பிறகு நாம் தண்ணீர் திறந்துவிடும் துருசையும் வாய்க்காலையும் காட்டக் காட்ட, குண்டு எப்போது விழும் என்றுதான் காத்திருப்பார். போர் இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. நாற்பத்தைந்து நிமிடம் ஒருவரைத் தவறான இடத்தில் காக்க வைப்பதைவிட மோசமான தொடக்கம் இல்லை. தாங்கியை இரண்டாம் பகுதிக்கு ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவது, வெள்ளம். இதைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 2018 டிசம்பரில், கட்டு உயர்த்தப்பட்டுப் புனரமைத்த குளம் திறந்துவைக்கப்பட்ட அதே மாதத்தில், ஒரே இரவில் பெருமழை கொட்டிக் கனகராயன் ஆறு பெருகியது. வான்கதவுகள் திறக்கப்பட, கண்டாவளைப் பக்கம் ஊர்கள் தண்ணீரில் நின்றன. கதவுகளை நேரத்தோடு திறந்தார்களா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எங்களிடம் அன்றிரவு ஒருவர் போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. இருட்டு, டோர்ச் வெளிச்சம், இடுப்பளவு தண்ணீர், ஒரு பெண், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார், பின்னால் யாரோ "பாலத்தால வராதேங்கோ" என்று கத்துகிறார். எழுபது விநாடிதான். அதற்கு மேலே எதுவும் தேவையில்லை.

தொழில்நுட்பத்தில் இதற்குச் சில வேலைகள் உண்டு. போன் வீடியோவில் ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம் என்பது ஒரே சீராக இருக்காது, மாறிக்கொண்டே இருக்கும். அப்படியே டைம்லைனில் போட்டால் முதலில் சரியாகத்தான் தெரியும். ஒரு நிமிடம் தாண்டும்போது வாய் அசைவும் குரலும் விலகத் தொடங்கும். தொகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே அதை நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் என்பதால் இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். அங்கே அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக நிரப்புவது இப்போது வழக்கம். நான் கறுப்பாகவே விடுவேன். ஒரு போனுக்குள் அடங்கிய அளவுதான் அந்த இரவில் கண்ணுக்குத் தெரிந்தது. அதை அப்படியே விடுவது நேர்மை.

வேறொரு பிரச்சினை இதைவிடப் பெரியது. வீடியோ எடுத்தவர் அனுமதி தந்துவிட்டார். அதில் வருகிற பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. படத்தின் நடுவில் அவருடைய பெயரோடும் பேச்சோடும் வந்தால் ஒரு மாதிரி; டைட்டிலுக்கு முன் பெயர் இல்லாமல், அழுகிற முகமாக மட்டும் வந்தால் வேறு மாதிரி. டைட்டிலுக்கு முந்தைய துண்டுதான் முன்னோட்டமாகவும், இணையத்தில் சிறுபடமாகவும் ஊர் முழுக்கச் சுற்றும். அவரிடம் போய்க் கேட்டோம். "உள்ளுக்குப் போடுங்கோ தம்பி, முன்னுக்குப் போடாதேங்கோ" என்றார். அவருக்கு இருந்த தெளிவு அதுவரை எங்களுக்கு இல்லை.

அவர் சம்மதித்திருந்தாலும் வெள்ளத்தை முதற்பகுதிக்கு வைத்திருக்க மாட்டேன். பேரழிவைக் காட்டித் தொடங்கினால், குளம் என்றால் ஆபத்து என்ற எண்ணம் முதலில் விழும். குளம் எப்படிச் சோறு போடுகிறது என்பதைப் பார்ப்பவர் அறியும் முன்னரே அது ஊரை மூழ்கடிப்பதைக் காட்டுவது முறையான வரிசை இல்லை. கட்டின் மேல் நின்று வளர்ந்தவர்களுக்கு அது பொய்யாகவும் படும்.

மூன்றாவது, சிறுபோகக் கூட்டம். பார்க்க ஒன்றுமில்லாத காட்சி: மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், மேசையில் மாவட்டச் செயலாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும், எதிரே கமக்காரர் அமைப்புக்காரர். ஆனால் உள்ளே நடப்பது சின்ன விஷயம் இல்லை. இரணைமடுவின் கீழே இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. மாரியில் செய்யும் காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் எல்லாம், அது எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அந்தக் கூட்டம் முடிவு செய்யும். பிறகு அதை ஆளாளுக்குப் பங்கு பிரிப்பார்கள். சொந்தக் காணி இருந்தாலும் அதில் ஒரு துண்டைத்தான் அந்த முறை விதைக்கலாம்.

இப்போதைய வெட்டு இப்படி ஓடுகிறது. கறுப்புத் திரையில் மைக் கீச்சிடும் சத்தம், கதிரை இழுபடும் சத்தம். ஆறாவது விநாடியில் ஒரு கை, கொப்பியில் போன முறைப் பங்கு எழுதிய பக்கத்தைத் தடவுகிறது. பிறகு முகங்கள். பொறியியலாளர் நீர்மட்டத்தை வாசிக்கிறார். வாய்க்காலின் கடைசிப் பக்கத்து வயல்காரர் ஒருவர், தண்ணீர் தங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடுகிறது என்கிறார். தலைவாய்க்கால் பக்கத்தவர் மறுக்கிறார், சத்தம் ஏறுகிறது. பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழும்பி, "பங்கு எவ்வளவெண்டு சொல்லுங்கோ ஐயா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்கிறார். மண்டபம் அடங்குகிறது. மாவட்டச் செயலாளர் மைக்கைத் தன் பக்கம் இழுக்கிறார். வெட்டு. டைட்டில். மொத்தம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

இங்கே கொடுத்துவிட்டது: தண்ணீர் குறைவு, ஆட்கள் அதிகம், முடிவு இன்றைக்கே. பிடித்து வைத்தது ஒரே ஓர் எண். அந்த எண்ணுக்காக முதற்பகுதியைப் பார்க்கத்தான் வேண்டும். இன்னொன்றையும் வேண்டுமென்றே பிடித்து வைத்தோம், குளத்தையே. டைட்டிலுக்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திரையில் இல்லை. முதலில் தெரியும் தண்ணீர் டைட்டிலில்தான்.

அதற்கேற்றபடி டைட்டிலையும் மாற்ற வேண்டி வந்தது. முதலில் செய்திருந்தது வழக்கமான கதம்பம்: நாற்று, ரயில், வெள்ளம், வான்கதவு, பழைய படங்கள், பறை அதிர. நான்கு பகுதியின் நல்ல காட்சிகள் எல்லாம் நாற்பது விநாடியில் செலவாகிவிட்டன. இப்போது இருப்பது ஒரே ஒரு பொருள், கட்டோரம் நிற்கிற நீர்மட்டக் கோல். ஒரே கோணத்தில், ஒரே நேர வெளிச்சத்தில், வேறு வேறு மாதங்களில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்தோம். தண்ணீர் இலக்கங்களை ஒவ்வொன்றாக விட்டு இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. குளம் நிறைந்தால் 36 அடி. முதற்பகுதிக்கு இருபத்தைந்து விநாடி, அடுத்தவற்றுக்கு எட்டு விநாடி. ஒவ்வொரு பகுதியும் அதன் கதைக்குரிய மட்டத்தில் நிற்கும். இதன் கஷ்டம் வறட்சியில் தெரியும். மேலே உள்ள கோல் உலர்ந்து நிற்க, தண்ணீர் கீழே உள்ள கோலுக்குப் போய்விடும். கமராவை அங்கே நகர்த்தினால் கோணம் ஒட்டாது. அந்த இடத்தை வெட்டாகவே காட்டிவிட்டோம்.

தலைப்பெழுத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவு ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்டது. தமிழில் போட்டால் "மடு" என்பதில் முதலில் 'ம' வரும், அடுத்து 'ட' வரும், பிறகு அது திடீரென 'டு' ஆகத் துள்ளும். 'கொ' இன்னும் மோசம், முன்னால் கொம்பு முளைக்க எழுத்தே நகரும். முழுச் சொல்லாக எழுப்புங்கள், அல்லது ஒவ்வோர் உயிர்மெய்யையும் தனி வடிவமாக மாற்றிவிட்டு அசையுங்கள்.

மூன்று வெட்டையும் மூன்று வகை ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம்: வயல் செய்கிற குடும்பம், வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர், வன்னியே தெரியாதவர். பிடித்ததா என்று கேட்டால் எல்லாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். டைட்டில் முடிந்ததும் நிறுத்தி, "இனி என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். தாங்கிக்கு எல்லாரிடமிருந்தும் ஒரே பதில், போர். வெள்ளத்துக்கு வெளியார் "மீட்புப் பணி" என்றார்கள். ஊரார் "கதவு எப்ப திறந்தவை எண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டார்கள். கூட்டத்துக்கு ஊராரும் உறவுக்காரரும் எண்ணைக் கேட்டார்கள். வன்னி தெரியாதவருக்கு மட்டும் சிறுபோகம் என்னவென்றே புரியவில்லை. அதற்காகத் திரையில் விளக்கம் எழுதவில்லை. பொறியியலாளர் "மழை இனி இல்லை, நிக்கிற தண்ணிதான்" என்று சொன்ன ஒரு வரி வெட்டப்பட்டுக் கிடந்தது, அதைத் திரும்பச் சேர்த்தோம். போதுமாக இருந்தது.

ஆகவே கூட்டம் முதற்பகுதிக்கு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணைப் பன்னிரண்டாம் நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கடைசிவரை இழுத்தால், ஓர் எண்ணுக்கா இவ்வளவு நேரம் என்றாகிவிடும். எண் வந்தபின், அந்தப் பங்கில் யார் விதைத்தார், யார் விட்டார் என்று கதை வேறு வேகத்தில் போகும். பட விழாக்களுக்கு இது மெதுவான தொடக்கம்தான். அங்கே தேர்வு செய்பவர்கள் முதல் சில நிமிடங்களிலேயே தீர்மானித்துவிடுவார்கள் என்ற இயக்குநரின் பயம் நியாயமானது.

வெள்ளம் மூன்றாம் பகுதியின் தொடக்கமாகிறது, அந்தப் பெண் இல்லாமல். அதுவும் இரவில் இருந்து இல்லை, மறுநாள் காலையில் சேறு படிந்த வீட்டில் இருந்து. வெள்ளம் வந்தது எல்லாருக்கும் தெரியும். இரவு எந்த மணிக்கு எந்தக் கதவு திறந்தது என்பதுதான் டைட்டிலுக்குப் பின்னால் போகிறது. நான்காம் பகுதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இரணைமடுத் தண்ணீருக்குப் பதிலாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதை முதலிலேயே காட்டிவிடலாம் என்கிறேன் நான். இயக்குநர் அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறார்.