கன்னத்துச் சிவப்பும் மூட்டுவலியும்: மங்கா, சிக்குன்குன்யாவா, லூபஸா?

மேலூர்ப் பக்கம் நடவுக்குப் போகும் 26 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாகக் கைவிரல் மூட்டுகளில் வலி. வெயிலில் குனிந்து நட்ட மறுநாள் இரு கன்னங்களும் மூக்குத் தண்டும் பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோலச் சிவந்து எரிகின்றன. மாமியார் மங்கு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, போன வருடத்துச் சிக்குன்குன்யாவின் மிச்சம் என்கிறார். லூபஸ் என்ற பெயர் யார் வாயிலும் வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தோல், மூட்டு, சிறுநீரகம் என்று சொந்த உறுப்புகளைத் தாக்கும் இந்த நோய் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

மங்கு என்ற சந்தேகத்தை விலக்குவது எளிது. அது பழுப்பு நிறம். எரியாது, அரிக்காது, தடிக்காது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வெயில் பட்டால் கருமை கூடும், அவ்வளவுதான். மூட்டுவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குழப்புவது சிக்குன்குன்யா. காய்ச்சல் விட்ட பிறகு மூக்கிலும் கன்னத்திலும் கருமை படிவதும், மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதும் அந்த நோயிலும் உண்டு. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, வலி எப்படித் தொடங்கியது என்பதுதான். சிக்குன்குன்யா என்றால் கடும் காய்ச்சலோடு ஓரிரு நாளில் மூட்டுகள் முடங்கிய நினைவு இருக்கும். பெரும்பாலும் வீட்டிலோ தெருவிலோ வேறு சிலரும் படுத்திருப்பார்கள். முகக் கருமையும் ஒருமுறை வந்து மெல்ல மெல்ல மங்கும். லூபஸில் வலி தெளிவான தொடக்கமின்றி நுழைகிறது. முகத் தடிப்பு வெயிலுக்குப் பின் வருவதும் அடங்குவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது.

முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் மடிப்பை லூபஸ் தடிப்பு பெரும்பாலும் விட்டுவிடும். இருபுறமும் நிறம் மாறியிருக்க, அந்தக் கோடு மட்டும் இயல்பாகத் தெரியும். அந்த மடிப்பிலேயே எண்ணெய்ப் பொடுகு உதிர்ந்தால் அது வேறு தோல் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் மாநிறத் தோலில் சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். ஊதாவாகவோ காப்பிக்கொட்டை நிறமாகவோ தெரியலாம். விரலால் தடவினால் லேசான மேடும் சூடும் தட்டுப்படலாம். சில நாளில் மறைந்துவிடக்கூடும் என்பதால், தெரியும்போதே போட்டோ எடுத்துவைப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மருந்துக்கடைக் களிம்பை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடிப்பு தற்காலிகமாக அடங்கி அடையாளம் மறையும். நீண்ட நாள் பூசி நிறுத்தினால் அந்தக் களிம்பே முகத்தைச் சிவக்கவைக்கும்.

இந்தத் தடிப்போடு, காலையில் விரல்களை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, மேலண்ணத்தில் வலிக்காத புண், கொத்தாக முடி உதிர்தல், காரணமில்லாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே பரிசோதனைக்குப் போக வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலோ தோல் பிரிவிலோ தொடங்கலாம்.

மூட்டுவலி என்றதும் பலர் முடக்குவாதத்துக்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடுகிறார்கள். அது நெகட்டிவ் என்பதால் லூபஸ் இல்லை என்றாகாது. பாசிட்டிவ் என்றாலும் முடக்குவாதம் உறுதியாகாது. இங்கே முதலில் வேண்டியது, சொந்த உயிரணுக்களின் கருவையே தாக்கும் எதிர்ப்புப் பொருள்களை ரத்தத்தில் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனை, அதுவும் நுண்ணோக்கியில் ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில். இது நெகட்டிவ் என்றால் லூபஸுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. பாசிட்டிவ் என்றால் நோய் உறுதி என்று பொருளில்லை: ரத்த மாதிரியை 160 மடங்கு நீர்க்கவைத்துப் பார்க்கும் 1:160 அளவில் ஆரோக்கியமானவர்களிலும் 100-க்குச் சுமார் 5 பேரிடம் பாசிட்டிவ் வரும். அடையாளம் ஏதுமின்றி எடுத்து வீணாகப் பயப்படுவதும் இதனால்தான். அடையாளங்களோடு பாசிட்டிவ் என்றால் லூபஸை இன்னும் குறிப்பாகக் காட்டும் டி.எஸ்.டி.என்.ஏ., ஸ்மித் எதிர்ப்புப் பொருள்களையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள்.

ஏ.என்.ஏ., சிறுநீர்ப் பரிசோதனை இரண்டில் ஒன்றுக்குத்தான் இன்று காசிருக்கிறது என்றால் சிறுநீர்ப் பரிசோதனையை முதலில் எடுக்கச் சொல்வேன். அது லூபஸ் என்று பெயர் சொல்லாது. ஆனால் வலியே இல்லாமல் கெடும் சிறுநீரகத்தைக் காட்டிக்கொடுக்கும், செலவும் குறைவு.

நம் மேலூர்ப் பெண்ணுக்கு ஏ.என்.ஏ. 1:320, சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ் என்று வைத்துக்கொள்வோம். ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். அது 0.5-ஐத் தாண்டி நீடித்தால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். எந்த மருந்து, எவ்வளவு வீரியம் என்பது பெரும்பாலும் அந்த முடிவைப் பார்த்தே தீர்மானிக்கப்படும். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், மூச்சுத்திணறல், வலிப்பு இவற்றில் ஏதேனும் தெரிந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.