டிக்கெட் ரூட்டிங்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

வாடிக்கையாளர் அனுப்பும் டிக்கெட்டுகளைத் தானாகப் பிரித்துச் சரியான டீமுக்கு அனுப்பும் டிக்கெட் ரூட்டிங் கருவியை நண்பன் தன் ஆபீஸில் வைக்கப் போகிறானாம். "ரெண்டு வருஷமா ஓட்டுறியே, நம்பி வாங்கலாமா?" என்று கேட்டான். அவன் கேட்பதற்குச் சில வாரம் முன்பு ஒரு ராத்திரி 2 மணிக்கு இதே கருவி என்னை எழுப்பியிருந்தது.

எங்கள் விதிகள் எளிமையானவை. டிக்கெட்டில் இருக்கும் கீவேர்டு டீமையும் முன்னுரிமையையும் முடிவு செய்யும். வாடிக்கையாளர் என்டர்பிரைஸ் பிளானில் இருந்தால் முன்னுரிமை ஒரு படி ஏறும். உச்ச முன்னுரிமையான P1 என்றால் ஆன்-காலில் இருப்பவருக்கு உடனே போன் அடிக்கும். அன்று வந்தது இது:

```json
{
  "ticket_id": 48213,
  "tier": "enterprise",
  "priority": "P1",
  "team": "infra",
  "matched": "down"
}
```

சர்வர் விழுந்துவிட்டது என்று பதறிப் போய் லேப்டாப்பைத் திறந்தால், போன மாத இன்வாய்ஸை எங்கே `download` செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். `down` விதிக்கு P2, என்டர்பிரைஸ் என்பதால் P1. கருவி முழுச் சொல்லைப் பார்ப்பதில்லை. எழுத்துத் தொடர் எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடும். இரண்டு வருடமாகியும் முழுச் சொல்லை மட்டும் பார்க்க ஒரு டிக் பாக்ஸ்கூட இல்லை.

ரெகெக்ஸ் எழுத வசதி உண்டு. அதில் `\b` என்பது சொல்லின் எல்லை. `\bdown\b` என்று மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே சூட்டில் தமிழ் விதியையும் `\bபில்\b` என்று மாற்றினேன். அப்புறம் பில்லிங் டீமுக்குத் தமிழ் டிக்கெட் வருவதே அரிதாகிப்போனது. உள்ளே ஓடுவது பைதானின் `re`. அது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியைச் சொல்லின் எழுத்தாக எண்ணுவதில்லை. 'பில்' புள்ளியில் முடிகிறது, அடுத்து இடைவெளி. இரண்டுமே அதற்குச் சொல்லுக்கு வெளியே இருப்பவைதான், எனவே அங்கே எல்லையே தெரியாது. "பில் வரவில்லை" என்று எழுதியவர்கள் எல்லாரும் P4 ஆகிப் பொது வரிசையில் கிடந்தார்கள். சாதாரணப் பிளானில் இருக்கும் ஒருவர், இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருந்தார். ராத்திரி போனைவிட எனக்கு வலித்தது அதுதான்.

இப்போது `(?<!\S)பில்` என்று முன்பக்கத்தை மட்டும் கட்டி வைத்திருக்கிறேன். 'பில்லை', 'பில்லில்' எல்லாம் சிக்கும். 'பில்டர்' என்று எழுதினாலும் சிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நடுவே நான் மனதார விரும்புவது அந்த `matched` வரியை. எந்தச் சொல்லால் இந்த முடிவு வந்தது என்பது ஒவ்வொரு டிக்கெட்டிலும் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை எண்ணிப் பார்த்தாலே கெட்ட விதி எது என்று தெரிந்துவிடும். எந்த விதியிலும் சிக்காதவற்றில் `null` இருக்கும், அவற்றைத் தனியாக எடுத்துப் படிக்கிறேன். முன்பு கையால் பிரித்த காலத்தில், ஏன் இந்த டீமுக்குப் போனது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

நண்பனுக்குச் சொன்னது: ஆங்கில டிக்கெட் மட்டும்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. தமிழிலும் வரும் என்றால், இந்த வாரம் என்னிடம் கேட்டால், வேண்டாம்.