ஒரே ஆய்வு: பல்கலைக்கழக சிவியில், நிறுவன ரெஸ்யூமேயில்

பேட்டரி ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் அமெரிக்க நிறுவனத்தின் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் சிவியில் கட்டுரைகள், மாநாடுகள், கற்பித்தல் என்று ஏழெட்டுப் பக்கம் ஓடும். பேராசிரியர் பணிக்கு அதுதான் சரி. அங்கே படிப்பவர் அதே துறைக்காரர், இதழின் பெயரைப் பார்த்தே எடை போட்டுவிடுவார்.

நிறுவனத்தில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஆள்சேர்ப்பு அலுவலர். அவருக்கு ஒன்றிரண்டு பக்க ரெஸ்யூமே போதும். சிவியில் "லித்தியம் அயான் செல்களில் இம்பீடன்ஸ் நிறமாலை ஆய்வு" என்றிருந்த வரி, இங்கே இப்படி மாற வேண்டும்: "செல்லைப் பிரிக்காமலே அது ஏன் சீக்கிரம் திறன் இழக்கிறது என்று கண்டறியும் சோதனையை இம்பீடன்ஸ் அளவீட்டில் அமைத்தேன், 40 செல்களில் சரிபார்த்தேன், தரவை அலசும் பைத்தான் நிரலையும் எழுதினேன்." இம்பீடன்ஸ் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடக் கூடாது. வேலை விளம்பரத்தில் தேடும் சொல் அதுவாகவே இருக்கலாம்.

கட்டுரையில் பழகிய "நாங்கள்" இங்கே உதவாது. நேர்காணலில், "அதில் நீங்கள் செய்தது எது?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

அப்புறம், சிவியையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பின்னாளில், அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் ஓ-1 விசாவுக்குப் போனால், கட்டுரைகளும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களும் முக்கியச் சான்றுகளாக உதவும்.