‘சரளம்’, பத்துக்கு எட்டு, பி2: வாடிக்கையாளர் சேவை விண்ணப்பத்தில் மொழித்திறனை எப்படிக் குறிப்பது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் உள்ள வாடிக்கையாளர் சேவை மையங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளிடம் மொழிகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் தமிழ், பள்ளியிலும் அரசு அலுவலகங்களிலும் மலாய், பாடத்திலும் கைப்பேசியிலும் ஆங்கிலம், பசார் மாலாமில் காதில் விழுந்து படிந்த கொஞ்சம் மாண்டரின் என நான்கு மொழிகளோடுதான் வளர்கிறார்கள். அந்த நான்கையும் விண்ணப்பத்தில் எந்த அளவுகோலால் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். ‘சரளம்’, ‘சுமார்’ என்று சொல்லால் குறிப்பது, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவது, மொழித்திறனுக்கான ஐரோப்பிய அளவுகோலான சி.இ.எஃப்.ஆர். நிலையைத் தருவது, எந்த வேலையை எந்த மொழியில் செய்ய முடியும் என்று விவரித்து எழுதுவது என நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன.

ஒப்பிடுவதற்கு ஒரு விண்ணப்பதாரரைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போய், எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் எடுத்த 22 வயதுப் பெண் அவர். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் மூவெட் தேர்வில் 3.5 பெற்றிருக்கிறார். மலாய்த் தோழிகளோடு நாள் முழுவதும் பேசுவார்; ஆனால் மலாயில் அலுவல் கடிதம் ஒன்றுகூட எழுதியதில்லை. மாண்டரினில் விலை கேட்பார், எண் சொல்வார், எழுத்து தெரியாது.

முதல் வழியில் இவர் ‘மலாய்: சரளம்’ என்றுதான் எழுதுவார், அதில் பொய்யும் இல்லை. நேர்காணலில் மலாயில் பேசச் சொன்னால் பிசிறில்லாமல் பேசுவார், வேலையும் கிடைக்கும். சிக்கல் அதன் பிறகு வருகிறது. தொலைபேசிப் பிரிவில் ஆள் இருக்க, அவரை மின்னஞ்சல் பிரிவில் போடுகிறார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று வாடிக்கையாளருக்கு எழுதும்போது, ‘திடாக் டாப்பாட்’ வர வேண்டிய இடத்தில் பேச்சில் பழகிய ‘தாக் போலே’ விழுகிறது. மன்னிப்புக் கேட்கும் வரி தோழிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திபோல் அமைகிறது. தரச் சோதகர் அந்தப் பதிலைத் திருப்பி அனுப்புகிறார். ஒரே சொல் இரண்டு வெவ்வேறு திறன்களை மூடி மறைத்ததுதான் காரணம், அந்தப் பெண்ணின் நேர்மையில் குறையில்லை. மொழிக்கு ஒரு சொல் என்ற முறையில் இந்தக் கோளாறு எப்போதும் இருக்கும்.

‘தாய்மொழி’ என்று குறிப்பதும் இதே வகைதான், இன்னும் ஏமாற்றக்கூடியது. இந்தப் பெண்ணும், தேசியப் பள்ளியிலேயே படித்துத் தமிழ் எழுத்தே அறியாத இவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் ‘தமிழ்: தாய்மொழி’ என்றே எழுதுவார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் தமிழில் தட்டச்சு செய்து வரும் புகாரை ஒருவர் படித்துப் பதில் எழுதுவார், மற்றவர் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிடுவார்.

பத்துக்கு மதிப்பெண் இடும் படிவங்கள் பேச்சு, எழுத்து என்று இரண்டு கட்டங்கள் கொடுத்தால், அந்த அளவுக்கு முதல் வழியைவிட மேல். அவர் மலாய்ப் பேச்சுக்கு 9, எழுத்துக்கு 5 என்று போட்டிருந்தால் மின்னஞ்சல் பிரிவுக்குப் போயிருக்கவே மாட்டார். அதற்கு மேல் இந்த முறையை நம்ப எனக்கு மனமில்லை. 7 என்றால் என்ன என்று யாரும் வரையறுக்கவில்லை. அடக்கமாக வளர்ந்த பிள்ளை தமிழுக்கே 8 போடும், துணிச்சல்காரர் பசார் மாலாம் மாண்டரினுக்கு 6 போடுவார். தேர்வு செய்பவர் மொழித்திறனை அல்ல, சுபாவத்தையே ஒப்பிட நேரிடுகிறது.

சி.இ.எஃப்.ஆர். என்பது ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட சட்டகம். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் ‘இன்னதைச் செய்ய முடியும்’ என்ற விளக்கம் உண்டு. வாடிக்கையாளர் சேவைக்கு இதில் கவனிக்கத்தக்க எல்லைக்கோடு பி1-க்கும் பி2-க்கும் நடுவில் இருக்கிறது. பொருள் வாங்குதல், சேவை பெறுதல் பற்றிய விளக்கத்தில், பி1 நிலையில் இருப்பவரால் புகார் செய்ய முடியும்; பி2 நிலையில் இருப்பவரால் எழுந்த சிக்கலை விளக்கி, மறுதரப்பு விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்த முடியும். கோபத்தோடு அழைப்பவரிடம் ஊழியர் செய்ய வேண்டியது இந்த இரண்டாவது வேலைதான். மூவெட் 3.5 என்பது பி1 நிலை. ஆகவே அந்தப் பெண் ஆங்கிலத்துக்கு ‘பி2’ என்று எழுதுவது கையில் உள்ள தேர்வுத்தாளுக்கே முரண். அதே சமயம் மூவெட் மொத்த மதிப்பெண், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு தாள்களின் கூட்டு. பேச்சில் உயர்ந்து எழுத்தில் சரிந்தவரும் 3.5-இல் வந்து நிற்கலாம். எனவே தாள்வாரியான மதிப்பெண்களையும் சேர்த்துத் தருவதே முறை.

இந்த வழியின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. ஆங்கிலத்துக்கு மூவெட் தாள் உண்டு. மலாய்க்கும் தமிழுக்கும் எஸ்.பி.எம். தரம் உண்டு, ஆனால் அந்தத் தரத்தை சி.இ.எஃப்.ஆர். நிலையாகத் தாமே மாற்றி எழுதுவது, தேர்வு எழுதாமல் சான்றிதழ் வாங்குவதற்குச் சமம். சட்டகத்தின் தன்மதிப்பீட்டு அட்டவணையை வைத்து ஒருவர் தம்மை அளந்துகொள்ளலாம், ஆனால் பக்கத்தில் ‘தன்மதிப்பீடு’ என்று எழுதிவிட வேண்டும்.

நான்காவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன், இடம் அதிகம் பிடிக்கும் என்றாலும். அந்தப் பெண்ணின் வரிகள் இப்படி அமையலாம்: “தமிழ்: அழைப்பு, உரையாடல் செய்தி, மின்னஞ்சல் மூன்றையும் கையாள்வேன், எஸ்.பி.எம். வரை படித்தது. மலாய்: அழைப்புகளைத் தனியாகக் கையாள்வேன், அலுவல் மின்னஞ்சலுக்கு மாதிரிக் கடிதம் தேவைப்படும். ஆங்கிலம்: மூவெட் 3.5, வழக்கமான கேள்விகளுக்குப் பேச்சிலும் எழுத்திலும் பதில் தருவேன், சிக்கலான புகாரை மேற்பார்வையாளருக்கு மாற்றுவேன். மாண்டரின்: வணக்கம் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, உரியவருக்கு மாற்றும் அளவு மட்டும்.” ‘மட்டும்’ என்ற சொல்லால் வேலை போய்விடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். மாண்டரின் பேசுவோருக்குத் தனி மொழிப்படி தரும் இடங்களில் அதே சொல்தான் பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கிறது.

இப்படி எழுதுமுன் தம்மைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த மொழி பேசும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, மைகார்டு எண்ணின் 12 இலக்கங்களைப் போல ஓர் எண்ணையும் ஒரு வீட்டு முகவரியையும் அவருடைய வழக்கமான வேகத்தில் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுபடி கேட்காமல் பிழையின்றி வந்தால் ‘அழைப்புகளைக் கையாள்வேன்’ என்று எழுதலாம். பேராக் மலாயிலேயே வளர்ந்தவர் கிளந்தான்காரர் ஒருவரிடம் இதைச் செய்து பார்த்தால், சரளம் எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும்.

இணையப் படிவம் நீண்ட வரிகளுக்கு இடம் தராமல் ஒரே ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பேச்சு, எழுத்து இரண்டில் எது தாழ்ந்ததோ அந்த நிலையைத் தேர்ந்தெடுத்து, பிரித்துச் சொல்லும் வரிகளை இணைப்பாகத் தரும் தன்விவரத்தில் வைக்கலாம். விளம்பரம் தொலைபேசி வேலை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் பேச்சின் நிலையையே தேர்ந்தெடுக்கலாம்; அப்போதும் எழுத்தின் நிலையைத் தன்விவரத்தில் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் ஆள் பற்றாக்குறை வரும் மாதத்தில் தொலைபேசி ஊழியரையும் மின்னஞ்சலுக்கு மாற்றுவார்கள்.